"எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: "குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. 2018 ஏப்ரல் 1-லிருந்து ஷார்ஜாவில் ஒரு ஏ.சி. மெயின்டனன்ஸ் கம்பெனியில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மாதம் 2,200 திர்ஹம், அதில் பேசிக் 1,200. இரண்டு வருட கான்ட்ராக்ட் நான்கு முறை போட்டாகிவிட்டது. கடைசி கான்ட்ராக்ட் 2026 மார்ச் 31-ல் முடிகிறது. அதோடு ஊருக்கே வந்துவிடப் போகிறேன். மார்ச் முதல் வாரம் தங்கை கல்யாணம். 'இப்போதே கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, பணத்தை உன் ஊர் அக்கவுண்டுக்கு அனுப்புகிறோம்' என்கிறார் ஹெச்.ஆர். கடைசி கான்ட்ராக்டுக்கு மட்டும்தான் கிராஜுவிட்டியாம். விசா செலவு 1,500 போக 1,140 திர்ஹம் வருமாம். வருடத்துக்கு ஒரு மாத சம்பளம் என்றால் 17,600 வர வேண்டாமா? நாமே ராஜினாமா செய்தால் ஒன்றுமே கிடையாது என்றும் ரூமில் சொல்கிறார்கள். 24 நாள் லீவு பாக்கி இருக்கிறது. 2020-ல் ஐந்து மாதம் சம்பளமில்லாமல் ஊரில் இருந்தேன். கையெழுத்துப் போடலாமா? ஊருக்கு வந்த பிறகு பணத்தைக் கேட்க முடியுமா?"

அன்புள்ள வாசகருக்கு,

இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனி சொல்லும் 1,140 தவறு. நீங்கள் எதிர்பார்க்கும் 17,600-ம் சரியில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள விவரப்படி, கடைசி மாதச் சம்பளம் தவிர்த்து, உங்களுக்கு வர வேண்டியது சுமார் 8,260 திர்ஹம். அது எப்படி வருகிறது என்பதை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். ஹெச்.ஆர். மேசைக்கு முன்னால் உட்காரும்போது கணக்கு உங்கள் கையில் இருந்தால்தான் பேச்சு உங்கள் பக்கம் நிற்கும்.

கணக்கு எப்படி வருகிறது

அமீரகத்தில் இப்போது நடைமுறையில் இருப்பது 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம். அது 2022 பிப்ரவரி 2-ல் அமலுக்கு வந்தது. அதன் 51-வது பிரிவுப்படி, ஒரு வருடம் முடித்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளமும், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் பேசிக் சம்பளமும் தர வேண்டும். முழு வருடமாக நிறையாத மாதங்களுக்கும் அதே விகிதத்தில் பணம் உண்டு. மொத்தம் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்பது மேல்வரம்பு. உங்கள் தொகை அதற்குப் பக்கத்தில்கூடப் போகாது.

நீங்கள் 17,600 என்று போட்டதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. கிராஜுவிட்டி முழுச் சம்பளத்தின் மேல் வராது, பேசிக்கின் மேல்தான் வரும். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, சாப்பாட்டுப்படி எதுவும் இதில் சேராது. பல கம்பெனிகள் பேசிக்கைக் குறைத்து, அலவன்ஸை ஏற்றி எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு மாதம் முழுசாகக் கிடையாது, 21 நாள்தான். ஆனால் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. கணக்குப் போடுவது கடைசியாக வாங்கிய பேசிக்கில். 2018-ல் உங்கள் பேசிக் இதைவிடக் குறைவாக இருந்திருந்தாலும், எட்டு வருடத்துக்கும் 1,200-ஐ வைத்துத்தான் போட வேண்டும்.

ஒரு நாள் பேசிக்குக்கு 1,200-ஐ 30-ஆல் வகுப்பதுதான் வழக்கம். அப்படி 40 திர்ஹம் வரும். சில கம்பெனிகள் வருடச் சம்பளத்தை 365-ஆல் வகுத்துக் கொஞ்சம் குறைப்பார்கள். உங்கள் விஷயத்தில் அந்த வித்தியாசம் சிறியது, அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

2018 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை எட்டு வருடம். சம்பளமில்லாமல் இருந்த நாட்கள் சர்வீஸில் சேராது என்று சட்டமே சொல்கிறது. எனவே 2020-ல் ஊரில் இருந்த ஐந்து மாதத்தைக் கழித்தால் நிற்பது 7 வருடம் 7 மாதம். அந்த மாதங்களில் கம்பெனி பாதிச் சம்பளமாவது போட்டதா என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிப் பாருங்கள். போட்டிருந்தால் அவற்றைச் சம்பளமில்லாத மாதமாகக் கழிக்க விடாதீர்கள். முதல் ஐந்து வருடத்துக்கு 21 நாள் வீதம் 105 நாள், அதற்கு 4,200 திர்ஹம். அடுத்த இரண்டு வருடத்துக்கு 2,400. மீதி ஏழு மாதத்துக்கு 700. ஆக கிராஜுவிட்டி 7,300 திர்ஹம். பாக்கி லீவு 24 நாளுக்கு, நாளுக்கு 40 வீதம் 960. எடுக்காத லீவுக்குப் பணமாகத் தரும்போது அதையும் பேசிக்கில்தான் கணக்கிடுவார்கள். இரண்டும் சேர்ந்து 8,260. மார்ச் மாதச் சம்பளம் 2,200 இதற்கு மேல்.

கம்பெனியின் 1,140 எங்கே தவறுகிறது

அவர்கள் போட்ட கணக்கைத் திருப்பிப் பார்த்தால் தெரிகிறது. கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் 21 நாள் வீதம் 1,680, லீவுக்கு 960, ஆக 2,640. அதில் விசா செலவு 1,500 போனால் 1,140.

முதல் தவறு, கடைசி கான்ட்ராக்டை மட்டும் எடுத்தது. அதே சட்டத்தின் 8-வது பிரிவு, கான்ட்ராக்டைப் புதுப்பித்தால் புதிய காலம் பழையதன் தொடர்ச்சி, சர்வீஸைக் கணக்கிடும்போது இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. நான்கு தாள் போட்டிருந்தாலும் உங்கள் சர்வீஸ் ஒன்றுதான். இதில் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் நன்றாக நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். 2020, 2022, 2024-ல் புதுப்பிக்கும்போது "பழைய கான்ட்ராக்ட் செட்டில்மென்ட்" என்று ஏதாவது பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்களா? வாங்கியிருந்தால் அந்தத் தொகையை அவர்கள் இப்போது கழிப்பார்கள். அது நியாயமும்கூட. பணம் தராமல் கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தால், அந்த மாத பேங்க் ஸ்டேட்மென்ட் உங்களுக்குச் சாட்சி.

இரண்டாவது தவறு, விசா செலவு. ஆளை எடுக்கும் செலவையும் வேலைக்கு அமர்த்தும் செலவையும் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ வசூலிக்கக்கூடாது என்று 6-வது பிரிவு தடுக்கிறது. நீங்கள் கையில் வாங்கிய அட்வான்ஸ், கம்பெனிக் கடன், கோர்ட் உத்தரவுப்படி கட்ட வேண்டியது போன்றவற்றைக் கழிக்கலாம். விசா, லேபர் கார்டு, மெடிக்கல் செலவெல்லாம் அவர்கள் பொறுப்பு.

ராஜினாமா செய்தால் ஒன்றும் கிடையாது என்று ரூமில் சொல்வது முந்தைய சட்டத்தின் மிச்சம். 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தானாக விலகுகிறவருக்குக் குறைப்பும், சில நிலைகளில் மறுப்பும் இருந்தன. இப்போதைய சட்டத்தில் அந்த வேறுபாடு இல்லை. சவூதியில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர் வேறு மாதிரி சொல்லலாம். அங்கே ராஜினாமா செய்தால் வருடங்களைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று குறைவது இன்றும் உண்டு. ஒரு நாட்டுக் கணக்கை இன்னொரு நாட்டில் வைத்துப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஆனாலும் நீங்கள் ராஜினாமா செய்ய வேண்டாம். கான்ட்ராக்ட் முடியும் வரை இருந்து, புதுப்பிக்க விருப்பமில்லை என்று மெயிலில் தெரிவித்துவிட்டு நில்லுங்கள். காரணம் டிக்கெட். ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு கம்பெனியுடையது. ஆனால் கான்ட்ராக்ட் முறிந்ததற்குக் காரணம் தொழிலாளி என்றால் அந்தச் செலவு அவர் தலையில் விழும். நடுவில் விலகினால் அவர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் கிளம்பினால், அந்த நாட்களின் முழுச் சம்பளத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும்.

அந்தக் கேன்சல் பேப்பர்

ஹெச்.ஆர். நீட்டும் தாள், லேபர் பர்மிட்டை ரத்துசெய்ய அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்துக்குப் போகும் படிவம். ஒரே பக்கம்தான் இருக்கும். மேலே கம்பெனி எண், உங்கள் லேபர் கார்டு எண், பாஸ்போர்ட் எண். நடுவில் அரபியிலும் ஆங்கிலத்திலும், எனக்கு வர வேண்டிய எல்லா உரிமைகளையும் பெற்றுக்கொண்டேன் என்ற வாசகம். கீழே உங்கள் கையெழுத்துக்கும் கம்பெனி கையெழுத்துக்கும் இடம். எவ்வளவு தொகை என்று எழுதவே பெரும்பாலும் அதில் கட்டம் இருக்காது. ஆபத்து அங்கேதான். பணம் பிறகு வராவிட்டால், 'வாங்கிவிட்டேன்' என்று நீங்களே எழுதிக் கொடுத்த தாளை எதிர்த்து நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டதால் உரிமை அடியோடு போய்விடாது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பணம் வரவில்லை என்று காட்டிக் கேட்கலாம். ஆனால் எளிதாக முடிய வேண்டிய வழக்கு வாதாடும் வழக்காக மாறிவிடும்.

அதனால் முதலில் ஃபைனல் செட்டில்மென்ட் தாளைக் கேளுங்கள். சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், சம்பளமில்லாத நாட்கள், பேசிக், கிராஜுவிட்டி, லீவு, கழிவு என்று ஒவ்வொரு வரியும் தனித்தனியாக இருக்க வேண்டும். வாயால் கேட்காமல் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கேளுங்கள், பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சாட்சி இருக்கும். உங்கள் பேசிக் எவ்வளவு என்பதற்கு ஆதாரம் அமைச்சகத்தில் பதிவான கான்ட்ராக்ட். அந்த அமைச்சகத்தின் MOHRE ஆப்பில் உங்கள் பெயரில் நுழைந்து அதை இறக்கிக்கொள்ளலாம். ஊரில் ஏஜென்ட் கொடுத்த தாளில் வேறு தொகை இருந்தால் அது அங்கே எடுபடாது.

பணம் உங்கள் அமீரக அக்கவுண்டில் ஏறிய பிறகே கேன்சல் பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள். செக் கொடுத்தால் தேதியைப் பாருங்கள், பின் தேதியிட்ட செக் பணமாகாது. கம்பெனிக்குச் சட்டம் தந்திருக்கும் கெடு, கான்ட்ராக்ட் முடிந்த நாளிலிருந்து 14 நாள். உங்களுக்கு அது ஏப்ரல் 14. அதுவரை இருக்க முடியாது, பணத்தைத் தரவும் மாட்டார்கள் என்ற நிலை வந்தால், ஒப்புக்கொண்ட தொகையையும் தரும் தேதியையும் எழுதிய, கம்பெனி முத்திரையும் கையெழுத்தும் உள்ள தாளாவது கையில் இருக்கட்டும்.

கேன்சல் பேப்பரில் கையெழுத்து தவிர்க்க முடியாமல் போனால், உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை' என்று கையால் எழுதித் தேதி போட்டு, உடனே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ. அந்தத் தாளை வாங்க மறுத்தால், அவர்கள் வாசகத்தை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கல்யாணத்துக்கு எப்படிப் போவது

இதற்கு நல்ல வழி உங்கள் பாக்கி லீவிலேயே இருக்கிறது. கல்யாணத்துக்கு 15 நாள் லீவு கேட்டுப் போய்விட்டுத் திரும்பி வந்து, மார்ச் 31 வரை வேலை செய்து முடியுங்கள். லீவைப் பணமாக வாங்கினால் நாளுக்கு 40 திர்ஹம், லீவாக எடுத்தால் அலவன்ஸ் சேர்த்த முழுச் சம்பளம், அதாவது நாளுக்கு 73 திர்ஹத்துக்கு மேல். 15 நாளுக்குச் சுமார் 500 திர்ஹம் அதிகம். போய்வரும் டிக்கெட் உங்கள் செலவானால் அந்த லாபம் அதில் கரைந்துவிடலாம். ஆனால் 7,300 திர்ஹம் பாதுகாப்பாக நிற்கும். லீவுத் தேதிக்குக் கம்பெனியின் சம்மதம் வேண்டும், அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. லீவு என்று சொல்லிப் போய்விட்டுத் திரும்பாமல் இருந்துவிடாதீர்கள். கம்பெனி உங்களை வேலையை விட்டு ஓடியவர் என்று அமைச்சகத்தில் பதிந்துவிடலாம். கான்ட்ராக்ட் முடியும் முன் நியாயமான காரணமில்லாமல் வேலையை விட்டவருக்கு ஒரு வருடத்துக்கு வேறு வேலை பர்மிட் கிடையாது. இனி ஊரோடு இருக்கப் போகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பணம் கேட்கும்போது அதையே உங்களுக்கு எதிராக வைப்பார்கள்.

புகார் கொடுக்க வேண்டி வந்தால்

கணக்கைக் காட்டியும் மசியவில்லை என்றால், அங்கே இருக்கும்போதே அமைச்சகத்தில் புகார் கொடுங்கள். MOHRE ஆப்பிலோ இணையதளத்திலோ கொடுக்கலாம். அமைச்சகம் இரு தரப்பையும் அழைத்து 14 நாளுக்குள் சமரசம் பேசும். முன்பெல்லாம் சமரசம் முறிந்தால் லேபர் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 2024-லிருந்து, கோரும் தொகை 50,000 திர்ஹத்துக்குள் இருந்தால் அமைச்சகமே தீர்ப்புச் சொல்கிறது, அதைக் கோர்ட் உத்தரவுபோல நிறைவேற்றலாம். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால்தான் கோர்ட். அங்கே போனாலும் ஒரு லட்சம் திர்ஹத்துக்குக் கீழான தொழிலாளர் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. உங்களுடையது மிகச் சிறிய தொகை. இதற்கு வக்கீலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இது அமைச்சகத்தின் கீழ் வரும் கம்பெனிகளுக்கு. உங்கள் கம்பெனி ஃப்ரீ ஸோனில் பதிவானதாக இருந்தால், முதலில் அந்த ஃப்ரீ ஸோன் அலுவலகத்தில்தான் புகாரைத் தொடங்க வேண்டும். லேபர் கார்டை யார் கொடுத்தார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஊருக்கு வந்த பிறகும் உரிமை நிற்கும். வேலை உறவு முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 31-க்கு முன் இது ஒரு வருடமாக இருந்தது, அதனால் ஒரு வருடம் என்றே பலரும் இன்னும் சொல்வார்கள். உங்களுக்குக் கடைசி நாள் 2028 மார்ச் 31. ஆனால் உரிமை இருப்பது வேறு, அதைக் குடியாத்தத்திலிருந்து நடத்துவது வேறு. புகார் பதியும்போது சரிபார்ப்பு எண் பதிவிலுள்ள அமீரக மொபைலுக்கு வரும், சிம் செத்திருந்தால் முதல் படியிலேயே நின்றுவிடுவீர்கள். விசாரணைக்கு உங்களுக்காக ஆள் நிற்கவும் பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும்.

அதை இங்கிருந்து கொடுப்பது நீண்ட வழி. சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் நோட்டரியிடம் கையெழுத்து, பிறகு காட்பாடியில் ரயிலேறிச் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்துறைச் சான்று, அடுத்து வெளியுறவு அமைச்சகச் சான்று, அதன்பின் இந்தியாவிலுள்ள அமீரகத் தூதரக முத்திரை. அமீரகம் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லை, அதனால் ஒரே முத்திரையில் முடியாது. அங்கே போன பிறகும் அமீரக வெளியுறவுத் துறையின் முத்திரையும், அங்கீகாரம் பெற்றவர் செய்த அரபி மொழிபெயர்ப்பும் வேண்டும். இதே பவரை, நீங்கள் ஷார்ஜாவில் இருக்கும்போது அங்குள்ள நோட்டரியிடம் நம்பிக்கையான ஒரு நண்பர் பேரில் கொடுத்துவிட்டால் இந்தச் சங்கிலியே தேவையில்லை. பணம் முழுசாக வரவில்லை என்ற சந்தேகம் துளி இருந்தாலும் கிளம்பும் முன் இதைச் செய்துவிடுங்கள். பவரில், தொழிலாளர் புகார் பதிவது, விசாரணையில் ஆஜராவது, சமரசம் செய்வது ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். பணத்தைப் பெறும் அதிகாரத்தை மட்டும் விட்டுவிட்டு, தொகை உங்கள் அக்கவுண்டுக்கே போக வேண்டும் என்று எழுதுவது நல்லது.

கம்பெனி பதிலே சொல்லாமல் இழுத்தால் madad.gov.in தளத்தில் புகார் பதியலாம், அது துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போகும். சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலத்துறை ஆணையரகத்திலும் மனு கொடுக்கலாம். இவர்கள் கம்பெனியோடு பேசுவார்கள், கடிதம் அனுப்புவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. அதனால் இங்கே மனு கொடுத்தாயிற்று என்று இரண்டு வருடக் கெடுவைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள், அமைச்சகப் புகார் தனியாகப் போக வேண்டும்.

கடைசியாக உங்கள் பேங்க் விஷயம். அங்கே லோனோ கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால், ஃபைனல் செட்டில்மென்ட் பணம் ஏறியவுடன் பேங்க் அக்கவுண்டை முடக்கிப் பாக்கியை எடுத்துக்கொள்ளும். கிளம்புவதற்கு முந்தைய நாள் இது தெரியவந்தால் டிக்கெட்டுக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. எனவே இந்த மாதமே பாக்கியைக் கேட்டு எழுத்தில் வாங்கி, முடிந்தால் முடித்து, பாக்கியில்லை என்ற கடிதம் பெறுங்கள். பாக்கி எதுவும் இல்லை என்றால், செட்டில்மென்ட் பணம் ஏறி, அதை ஊருக்கு அனுப்பி, இங்கே உங்கள் பாஸ்புக்கில் வரவு விழுந்த பிறகு அக்கவுண்டை மூடுங்கள். சிம்மை அதற்கும் பிறகு, 2028 மார்ச் வரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள்.